சிகரெட்டும் கல்லீரலும்: கூட்டலா, பெருக்கலா?

சிகரெட்னா நுரையீரல் புற்றுநோய்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். புகை நேராகப் போவது அங்கேதானே. ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-ல் வெளியிட்ட அறிக்கையில் இரைப்பையும் கல்லீரலும்கூட அந்தப் பட்டியலில் இருக்கின்றன.

புகை அங்கே எப்படிப் போகிறது? இரைப்பைக்கு எச்சில் வழியாகவும் ரத்தம் வழியாகவும் போகிறது. கல்லீரலுக்கு ரத்தம்தான் வழி. நச்சுப்பொருளை வெளியேற்றத் தோதாக மாற்றுவது கல்லீரலின் வேலை. புகையிலையில் உள்ள சில பொருட்கள் அப்படி மாறும்போது, நடுவில் டிஎன்ஏவோடு ஒட்டிக்கொள்ளும் வடிவத்தை எடுக்கின்றன. இந்த ஒட்டை செல் பெரும்பாலும் சரிசெய்துவிடும், அதற்கு நேரம் கிடைத்தால்.

ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்கள் கெடுப்பது அந்த நேரத்தைத்தான். நாள்பட்ட தொற்று இருந்தால் கல்லீரல் செல்கள் செத்துக்கொண்டே இருக்கும், அந்த இடத்தை நிரப்ப மற்ற செல்கள் பிரிந்துகொண்டே இருக்கும். பழுது பார்க்கும் முன்பே டிஎன்ஏ நகலெடுக்கப்பட்டால் தவறு நிலைத்துவிடும்.

இனி கணக்குக்கு வருவோம். பல ஆய்வுகளைத் தொகுத்து 2010-ல் வந்த ஒரு கட்டுரையின் எண்களைச் சுமாராகச் சொல்கிறேன். தொற்றும் இல்லை, புகைப்பழக்கமும் இல்லை என்பவரின் கல்லீரல் புற்றுநோய் அபாயத்தை 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். புகை மட்டும் என்றால் 1.9. ஹெபடைடிஸ் பி மட்டும் என்றால் 16. இரண்டும் இருந்தால் 22.

16-லிருந்து 22 என்பது ஒன்றரை மடங்குகூட இல்லையே, அப்போ தொற்று உள்ளவருக்கு சிகரெட் அவ்வளவாக பாதிப்பு செய்யாதா என்று தோன்றும். மடங்கை விட்டுட்டு வித்தியாசத்தைப் பாருங்கள். தொற்று இல்லாதவருக்கு சிகரெட் கூட்டுவது 0.9, தொற்று உள்ளவருக்குக் கூட்டுவது 6. அதே சிகரெட், ஆறேழு பங்கு அதிக சேதம். ஹெபடைடிஸ் சி-யில் மடங்கே எகிறுகிறது: தொற்று மட்டும் 8, புகையும் சேர்ந்தால் 23. இந்த எண்களின் பிழை எல்லை அகலமானது, அதனால் தசம துல்லியம் எதிர்பார்க்க வேண்டாம். திசையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

சிக்கல் என்னன்னா, தான் எந்த வரிசையில் இருக்கிறோம் என்பது பலருக்குத் தெரியாது. இந்தத் தொற்றுகள் வருஷக்கணக்கில் அறிகுறியே காட்டாமல் இருக்கும். வழக்கமான கல்லீரல் ரத்தப் பரிசோதனைகூட நார்மல்னு வரலாம். பி-க்கு எச்பிஎஸ்ஏஜி, சி-க்கு ஆன்டி எச்சிவி என்று தனியாகக் கேட்டு எடுக்க வேண்டும். ஆன்டி எச்சிவி பாசிட்டிவ் என்றால் வைரஸ் இப்போதும் ரத்தத்தில் இருக்கிறதா என்று ஆர்என்ஏ பரிசோதனை சொல்லும். ஹெபடைடிஸ் சி-யை இன்று சில மாத மாத்திரையிலேயே குணப்படுத்தலாம். பி-யைப் பெரும்பாலும் கட்டுக்குள் வைக்கத்தான் முடியும். ஆனால் கல்லீரல் ஏற்கெனவே சுருங்கிப்போய் சிரோசிஸ் ஆகியிருந்தால், வைரஸ் போன பிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்தே ஆகணும். அந்த நிலையில் உள்ளவர் கையில் சிகரெட் இருந்தால், மேலே சொன்ன கழித்தல் கணக்கை அவரிடம் போட்டுக் காட்டுங்கள்.