முதுகில் இருப்பதும் குதிகாலில் இருப்பதும்

ஐம்பதைத் தாண்டியவர்களின் முதுகிலும் மார்பிலும் நெற்றியோரத்திலும் பழுப்பாகவோ கறுப்பாகவோ தடிப்புகள் தோன்றும். தொட்டால் சொரசொரப்பு. உருகிய மெழுகு சொட்டி இறுகியதுபோலத் தோலின் மேல் உட்கார்ந்திருக்கும். நகத்தால் பெயர்த்துவிடலாம் என்றே தோன்றும். வீட்டில் இதையும் மரு என்றுதான் சொல்கிறோம். ஆனால் மரு வைரஸால் வருவது. இது அப்படியல்ல, யாரிடமிருந்தும் யாருக்கும் தொற்றாது. மருத்துவர்கள் செபோரிக் கெரட்டோசிஸ் என்பார்கள்.

மேல்தோலின் செல்கள் அளவுக்கு மீறிப் பெருகி, அடுக்கடுக்காக மேல்நோக்கிக் குவிவதால் இது உண்டாகிறது. ஆழத்துக்குள் இறங்குவதில்லை, வேறு உறுப்புகளுக்குப் பரவுவதுமில்லை. உற்றுப் பார்த்தால் மேற்பரப்பில் சிறு குழிகளும் அவற்றில் அடைத்த கெரட்டினும் தெரியும். மெலனோமா என்னும் புற்றுநோயின் போக்கு வேறு. அது நிறமிச் செல்களில் தொடங்கி உள்நோக்கி வளர்கிறது. நிறம் ஒரே சீராக இருக்காது, ஓரம் கோணல்மாணலாக இருக்கும், சில மாதங்களுக்குள்ளேயே உருவம் மாறும்.

நம்மைப் போன்ற மாநிறத்தவரும் கறுத்த நிறத்தவரும் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இடத்தை. செபோரிக் கெரட்டோசிஸ் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் வருவதில்லை. நமக்கு மெலனோமா வந்தால், பெரும்பாலும் அங்கேதான் வரும், அல்லது நகத்தடியில்.

அறுபத்தைந்து வயதுப் பெண்மணி ஒருவரை எடுத்துக்கொள்வோம். முதுகு நிறையத் தடிப்புகள். பல ஆண்டுகளாக அப்படியே இருக்கின்றன. குதிகாலில் ஒரு கறுப்புத் திட்டு வருகிறது. முள் குத்தியிருக்கும், இல்லையென்றால் முதுகில் இருப்பதுபோல இதுவும் ஒன்று என்று விட்டுவிடுகிறார். ஆறு மாதத்தில் அது அகலமாகிறது. ஒரு பாதி கறுப்பு, மறுபாதி சாம்பல். முதுகில் இருப்பவை எத்தனை இருந்தாலும் இவருக்கு ஆபத்தில்லை. குதிகாலில் இருப்பதை உடனே தோல் மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். அவர் டெர்மாஸ்கோப் வழியாகப் பார்த்து, சிறு துண்டு எடுத்து பயாப்சிக்கு அனுப்புவார்.

முகத்தில் வரும் தடிப்பில் இன்னொரு குழப்பம் உண்டு. பேசல் செல் புற்றுநோயும் நம் தோலில் கறுப்பாகவே வரலாம். ஆனால் அதன் விளிம்பு வழவழவென்று பளபளக்கும்; நடுவில் புண்ணாகும், காய்ந்ததுபோலிருந்து மறுபடி கசியும். ரத்தம் வந்தாலே புற்றுநோய் என்று சொல்லிவிட முடியாது. உள்ளாடைப் பட்டை உரசினால் சாதாரணத் தடிப்பும் ரத்தம் கசியும், அரிக்கும். உரசல் நின்ற பிறகும் இரண்டு மூன்று வாரத்தில் ஆறவில்லை என்றால்தான் சந்தேகப்பட வேண்டும்.

தீங்கில்லாத தடிப்பை எடுக்க வேண்டிய அவசியமில்லை. உறுத்தினால் சுரண்டியோ மின்சூட்டில் கருக்கியோ எடுப்பார்கள். திரவ நைட்ரஜனில் உறைய வைக்கும் முறையும் உண்டு. ஆனால் நிறமிச் செல்கள் அந்தக் குளிரைத் தாங்காததால் நம் நிறத்தில் வெள்ளைத் திட்டு தங்கிவிடலாம். சுண்ணாம்பு மட்டும் வைக்காதீர்கள். தோல் வெந்துபோவதோடு, அது உண்மையில் புற்றுநோயாக இருந்தால் மேல்பகுதி கரைந்து அடையாளம் தெரியாமல் போகும். அடியில் இருப்பது வளர்ந்துகொண்டிருக்கும்.