தடம் விழாத பதினைந்து மீட்டர்

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று சங்கத் தோழர்கள் கேட்டபோது, எனக்குக் கவிதை வராது, கதையும் வராது என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். விடவில்லை. சரி, எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே ஒரு வரைபடத்தைப் பற்றி எழுதுகிறேன். நீங்கள் எல்லோரும் முதலாண்டிலேயே வரைந்ததுதான். கொஞ்ச தூரம் படுக்கையாக ஒரு கோடு, அப்புறம் கீழ்நோக்கி ஒரு சரிவு. பிரேக் போடும் வண்டியின் வேக-கால வரைபடம். பரீட்சையில் அது சில மதிப்பெண்கள். எங்கள் வீட்டிலோ அது என் தந்தையின் பிழைப்பைக் காப்பாற்றியது.

என் தந்தை லோடு வேன் ஓட்டுபவர். மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். வண்டி சொந்தமில்லை, வேறொருவருடையது. சென்ற ஆடிக் கிருத்திகைக்கு முந்தைய இரவு, நகரிப் பக்கம் காய்கறி இறக்கிவிட்டுத் திருத்தணிக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். அந்த நாட்களில் அந்தச் சாலை எப்படி இருக்கும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆந்திரப் பக்கத்திலிருந்து காவடியோடு விடிய விடிய பக்தர்கள் நடந்து வருவார்கள். பொன்பாடி தாண்டி ஒரு பெரியவர் கூட்டத்தை விட்டு விலகி, சாலையைக் கடக்க இறங்கிவிட்டார். என் தந்தை பிரேக்கை மிதித்தார். வண்டி அவருக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. பயத்தில் கீழே விழுந்த பெரியவருக்கு முழங்காலில் சிராய்ப்பு. அவ்வளவுதான்.

ஆனால் கூட்டம் சூழ்ந்துகொண்டது. ஒருவர் டார்ச் அடித்துத் தார் ரோட்டில் விழுந்திருந்த டயர் தடத்தைக் காட்டினார். "பாரு, தடம் எங்க ஆரம்பிக்குதுன்னு! இம்மாந்தூரம் கிட்ட வந்துதான் மிதிச்சிருக்கான். தூங்கிக்கினு வந்திருக்கான்!" என்றார். "ஆளைப் பார்த்த உடனே மிதிச்சேன் சாமி" என்று என் தந்தை சொன்னது எடுபடவில்லை. விஷயம் வண்டிக்காரர் காதுக்குப் போனது. தூங்கி ஓட்டுகிறவரிடம் வண்டி தர முடியாது என்று சாவியை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை கொத்தனார் வேலை பார்க்கும் என் மாமாவின் டேப்பை எடுத்துக்கொண்டு அந்த இடத்துக்குப் போனேன். தடத்தின் நீளம் 22½ மீட்டர். உண்மையைச் சொல்கிறேன், நானும் என் தந்தையைச் சந்தேகப்பட்டேன். பெரியவரைச் சுமார் முப்பத்தைந்து, நாற்பது மீட்டரிலேயே பார்த்துவிட்டேன் என்று அவர் சொன்னார். பார்த்த உடனே மிதித்திருந்தால் தடம் அங்கேயே அல்லவா ஆரம்பித்திருக்க வேண்டும்?

படுக்கைக் கோடு

பதில் அந்த வரைபடத்தின் முதல் பாதியில் இருந்தது. ஓட்டுநரின் கண் ஆளைப் பார்க்கிறது. அது ஆள்தான் என்று மூளை புரிந்துகொள்கிறது. வலது கால் ஆக்ஸிலேட்டரிலிருந்து எழும்பி, நகர்ந்து, பிரேக் பெடலை அழுத்துகிறது. இவ்வளவுக்கும் ஆகும் நேரத்தைத்தான் எதிர்வினை நேரம் என்கிறோம். விழிப்பாக ஓட்டுகிறவருக்கும் ஒரு வினாடி ஆகும். அந்த ஒரு வினாடியில் வண்டி கொஞ்சமும் வேகம் குறையாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. வேகம் மாறவில்லை என்பதால் வரைபடத்தில் கோடு படுக்கையாக இருக்கிறது. சக்கரம் சாதாரணமாக உருளுவதால் ரோட்டில் தடமும் விழாது.

"ஹாஸ்டல்ல ஸ்கேல் விட்டுப் பிடிச்சுப் பார்த்திருக்கோமே, அது ஒரு வினாடி ஆகலையே" என்று நீங்கள் கேட்கலாம். ஒருவர் 30 செ.மீ. ஸ்கேலைத் தொங்கவிட்டுத் திடீரென்று விடுவார், மற்றவர் விரலால் பிடிப்பார். பெரும்பாலோர் 20 செ.மீ. அளவில் பிடித்துவிடுவார்கள். கணக்குப் போட்டால் 0.2 வினாடிதான். ஆனால் அங்கே ஸ்கேல் விழப்போகிறது என்று முன்பே தெரியும், விரலும் தயாராக இருக்கிறது. சாலையில் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. காலும் வேறு பெடலில் இருக்கிறது.

சரிவுக் கோடு

பிரேக் பிடித்த பிறகு வேகம் குறையத் தொடங்குகிறது, கோடு சரிகிறது. சரிவு எவ்வளவு செங்குத்தோ அவ்வளவு பலமான பிரேக். இதை நான் புத்தகத்திலிருந்து எடுக்காமல் அதே வண்டியில் அளக்க நினைத்தேன். வண்டிக்காரரிடம் கெஞ்சி ஒரு விடியற்காலை வண்டியை வாங்கினோம். ஆள் இல்லாத ரோட்டில் என் தந்தை மணிக்கு 36 கி.மீ. வேகத்தில், அதாவது வினாடிக்கு 10 மீட்டரில் ஓட்டி, முழு பலத்தோடு பிரேக் அடித்தார். தடம் 10 மீட்டர். வேகத்தின் வர்க்கத்தைத் தடத்தின் இரு மடங்கால் வகுத்தால், 100-ஐ 20-ஆல் வகுத்தால், 5 வருகிறது. அந்த வண்டி, அந்தத் தேய்ந்த டயர், அந்த மாதிரி ரோடு மூன்றும் சேர்ந்து ஒவ்வொரு வினாடிக்கும் வினாடிக்கு 5 மீட்டர் வீதம் வேகத்தைக் குறைக்கின்றன.

இப்போது விபத்து நடந்த இரவுக்கு வருவோம். வரைபடத் தாளில் கிடைக்கோட்டில் 1 செ.மீ. என்றால் 1 வினாடி, செங்குத்தில் 1 செ.மீ. என்றால் வினாடிக்கு 5 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகத்தை நேரத்தால் பெருக்கினால் தூரம். ஆகவே கோட்டுக்குக் கீழே உள்ள ஒவ்வொரு கட்டமும் 5 மீட்டர் சாலை. சூத்திரம் வேண்டாம், கட்டம் எண்ணினால் போதும்.

தடம் 22½ மீட்டர் என்றால் சரிவுக்குக் கீழே 4½ கட்டம் இருக்க வேண்டும். வினாடிக்கு ஒரு கட்டம் இறங்கும் முக்கோணத்தில் 4½ கட்டம் வர வேண்டுமானால் உயரம் 3, அகலம் 3. உயரம் 3 என்றால் வினாடிக்கு 15 மீட்டர், மணிக்கு 54 கி.மீ. "அம்பது, அம்பத்தஞ்சுலதான் வந்தேன்" என்று என் தந்தை முதலிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்த வேகம் அதுதான்!

சரிவுக்கு முன்னால் ஒரு வினாடிப் படுக்கைக் கோட்டைச் சேருங்கள். அது உயரம் 3, அகலம் 1 உள்ள செவ்வகம். மூன்று கட்டம், 15 மீட்டர். மொத்தம் 7½ கட்டம், 37½ மீட்டர். அவர் பெரியவரைப் பார்த்ததாகச் சொன்ன தூரம். பார்த்த உடனே மிதித்ததும் உண்மை, தடம் கிட்டத்தில் ஆரம்பித்ததும் உண்மை. இடையில் தடம் விழாத பதினைந்து மீட்டரைத்தான் டார்ச் காட்டவில்லை.

இந்தக் கணக்கில் ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். உண்மையான வரைபடத்தில் படுக்கைக் கோடும் சரிவும் சந்திக்கும் மூலை கூர்மையாக இருக்காது, கொஞ்சம் வளைந்திருக்கும். பிரேக் முழுதாகப் பிடித்துச் சக்கரம் பூட்டிக்கொண்ட பிறகுதான் தடம் விழும். ஆகவே தடத்திலிருந்து கிடைப்பது குறைந்தபட்ச வேகம், உண்மை வேகம் சற்றே கூடுதலாக இருக்கலாம். சக்கரம் பூட்டாமல் பார்த்துக்கொள்ளும் ஏ.பி.எஸ். உள்ள வண்டிகளில் தடம் சரியாகவே விழாது, அங்கே இந்த வழி உதவாது.

அதே இடத்தில் 72 கி.மீ. வேகம்

கட்டம் எண்ணுவது பழகியதும் இன்னொன்றையும் போட்டுப் பார்த்தேன். அன்றைக்கு என் தந்தை மணிக்கு 72-ல் வந்திருந்தால்? வினாடிக்கு 20 மீட்டர், உயரம் 4 கட்டம். படுக்கைக் கோட்டுக்குக் கீழே மட்டும் 4 கட்டம் போய்விட்டது. பெரியவர் இருப்பது 7½-ஆவது கட்டத்தில். மீதி 3½. பிரேக் பிடித்த முதல் வினாடியில் உயரம் 4-லிருந்து 3-க்கு இறங்குகிறது. அந்தத் துண்டின் பரப்பு சரியாக 3½ கட்டம். அதாவது பெரியவர் நின்ற இடத்தை வண்டி அடையும்போது உயரம் இன்னும் 3. மணிக்கு 54 கி.மீ.!

நண்பர்களே, இதைத் திரும்ப ஒருமுறை படியுங்கள். 54-ல் வந்த வண்டி நின்றுபோகும் இடத்தை, 72-ல் வந்த வண்டி 54 வேகத்தில் கடக்கிறது. பதினெட்டு கி.மீ. தானே கூட என்று நினைக்கிறோம். அந்த இடத்தில் அந்தப் பதினெட்டு ஐம்பத்து நான்காகி நிற்கிறது. இரவு முழுக்க எனக்குத் தூக்கம் வரவில்லை.

எது யார் பொறுப்பு?

வரைபடத்தின் இரண்டு பகுதிகளும் இரண்டு விஷயங்களைத் தனித்தனியாகச் சொல்கின்றன. படுக்கைக் கோடு ஆளைப் பற்றியது, சரிவு வண்டியையும் ரோட்டையும் பற்றியது. செல்போனைப் பார்த்துக்கொண்டு வந்து ஒரு வினாடி தாமதமானால், 54-ல் படுக்கைக் கோடு இன்னொரு 15 மீட்டர் நீளும், சரிவு அப்படியே இருக்கும். எவ்வளவு நல்ல பிரேக்கும் அந்த 15 மீட்டரைத் திருப்பித் தராது. மழையில் ரோட்டின் பிடிப்பு பாதியாகிவிட்டால் படுக்கைக் கோடு மாறாது, ஆனால் சரிவின் 22½ மீட்டர் 45 ஆகிவிடும்.

சிவில் பிரிவு நண்பர்களுக்கு இது புதிதில்லை. சாலை அமைக்கும்போது எதிர்வினை நேரத்தை 2.5 வினாடியாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறது இந்திய சாலைக் காங்கிரஸ். களைத்தவர், வயதானவர், எதிர்பாராதவர் எல்லோரையும் கணக்கில் வைத்துத்தான். அந்தக் கணக்கில் 60 கி.மீ. வேகத்துக்குப் படுக்கைக் கோட்டில் சுமார் 42 மீட்டர், சரிவில் சுமார் 39 மீட்டர் வரும். பிரேக் பிடிக்காமலே போகும் தூரம்தான் அதிகம்!

வண்டிக்காரரிடம் தாளைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கட்டங்களை விரல் வைத்து எண்ணினார். ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் சாவியைக் கொடுத்துவிட்டார்.

என் தந்தைக்கும் வரைந்து காட்டினேன். படுக்கைக் கோட்டைத் தொட்டு, "இந்த நேரத்துல நான் இன்னாடா பண்ணிக்கினு இருந்தேன்?" என்றார்.

"பார்த்துக்கினு இருந்த நைனா. கால் போய்க்கினு இருந்துச்சு."

"அப்போ நான் தூங்கலைன்னு இது சொல்லுது."

"ஆமா நைனா. ஆனா உன் லைட்டு நாப்பது மீட்டர்தான் காட்டுது. அம்பத்தி நாலுக்கே முப்பத்தேழரை வேணும்னும் சொல்லுது."

அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இப்போது இருட்டிய பிறகு அந்த ரோட்டில் நாற்பதைத் தாண்டுவதில்லை. பின்னால் வருகிறவர்கள் ஆரன் அடிக்கிறார்கள். "அடிக்கட்டும்டா, அவங்க கட்டம் எண்ணலை" என்கிறார்.