விலை குறைந்த ஐபோனும் சிம் தட்டும்

சென்னை பர்மா பஜாரில் பில் இல்லாமல் கிடைக்கும் அமெரிக்க ஐபோன் 14, வெளித்தோற்றத்தில் இந்தியப் போன்தான். பக்கவாட்டைத் தடவிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்: அதில் சிம் தட்டே கிடையாது. அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களுக்கு 14-ஆம் மாடல் முதல் இ-சிம் மட்டும்தான். ஜியோவும் ஏர்டெல்லும் இ-சிம் தருகின்றன. ஆனால் போன் பழுதானால் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டுக்கொள்ள வழியில்லை.

ஜப்பான் போனில் வேறு தொல்லை. அங்கே வாங்கியதில் கேமராவின் 'கிளிக்' சத்தத்தை அணைக்க முடியாமல் போகலாம். கல்யாண வீட்டில் பரவாயில்லை, தூங்கும் குழந்தையைப் படமெடுக்க முடியுமா?

மலிவான சீன ஆண்ட்ராய்டு போன்களில் அலைவரிசையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஜியோவின் 850 மெகாஹெர்ட்ஸ், அதாவது பேண்ட் 5, சுவர்களைத் தாண்டி வீட்டுக்குள் நன்றாக வரும். அது இல்லாத போன் தெருவில் முழு சிக்னல் காட்டும், உள்ளறையில் திணறும். ஜியோவில் 2ஜி, 3ஜி இல்லாததால் 4ஜி போனால் அழைப்பும் போய்விடும்.

வாரண்டியில்தான் பெரிய அடி. ஐபோன் வாரண்டி சேவையை விற்ற நாட்டோடு நிறுத்திக்கொள்ளும் உரிமையை ஆப்பிள் தன் விதிகளிலேயே வைத்திருக்கிறது. கடைக்காரர் தரும் 'ஷாப் வாரண்டி' அந்தக் கடை இருக்கும்வரைதான்.

பணம் கொடுக்குமுன் Settings > General > About திறந்து மாடல் எண்ணின் கடைசியைப் பாருங்கள். HN/A இந்தியா, LL/A அமெரிக்கா, J/A ஜப்பான். முதல் எழுத்து F என்றால், அது புதுப்பித்து விற்கப்பட்ட போன்.