இரண்டுக்கு மேல் இருந்த @ எங்கே போனது?

மின்னஞ்சல் முகவரி அடிக்க ஷிப்டைப் பிடித்துக்கொண்டு 2-ஐத் தட்டுகிறோம். @ வர வேண்டிய இடத்தில் " வந்து நிற்கிறது. சரி, மேற்கோள்குறி போடலாம் என்று போனால் அங்கே @ வருகிறது. எழுத்துகள் எல்லாம் சரியாக விழுகின்றன, எண்களும் சரி. இந்த இரண்டு குறிகள் மட்டும் இடம் மாறிவிட்டன. தூசி போயிருக்குமோ என்று கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. புதுசே வாங்கிவிடுபவர்களும் உண்டு. புதியதைச் செருகினாலும் அதேதான் வரும், ஏனென்றால் கோளாறு கீபோர்டில் இல்லை.

பழுதான பட்டன் ஒன்றும் அடிக்காது, அல்லது ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்ப அடித்துத் தள்ளும். இரண்டு குறிகள் பிசகாமல் தங்களுக்குள் இடம் மாறிக்கொள்வது பழுதினால் நடக்காது.

கீபோர்டுக்குத் தன் மேல் என்ன அச்சிட்டிருக்கிறது என்பதே தெரியாது. ஒரு பட்டனை அழுத்தினால், எந்த இடத்துப் பட்டன் அழுத்தப்பட்டது என்று ஓர் எண்ணை மட்டும் அது கம்ப்யூட்டருக்கு அனுப்புகிறது. கதவிலக்கம் சொல்வது கீபோர்டின் வேலை; அந்த வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்று பதிவேட்டைப் பார்த்துச் சொல்வது கம்ப்யூட்டரின் வேலை. அந்தப் பதிவேட்டைத்தான் லேஅவுட் என்கிறோம். நம் ஊரில் விற்கும் கீபோர்டுகள் பெரும்பாலும் அமெரிக்க லேஅவுட்டின்படி அச்சிட்டவை. விண்டோஸில் அமெரிக்கப் பதிவேடு போய் பிரிட்டிஷ் பதிவேடு வந்து உட்கார்ந்தால் @, " இரண்டும் இடம் மாறும்.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் டைப்ரைட்டர். பழைய டைப்ரைட்டர்களில் 2-க்கு மேல் இருந்தது இரட்டை மேற்கோள்தான். மின்சார டைப்ரைட்டர்கள் வந்தபோது அமெரிக்காவில் ஒற்றை மேற்கோளும் இரட்டை மேற்கோளும் ஒரே பட்டனுக்குப் போயின. 1961-இல் வெளிவந்த ஐபிஎம் செலக்ட்ரிக்கில் 2-க்கு மேல் @ இருந்தது. அமெரிக்கக் கம்ப்யூட்டர் கீபோர்டுகள் அந்த வழியில் போயின. பிரிட்டன் பழைய இடத்தை விடவில்லை. @ குறிக்கு ஒற்றை மேற்கோள் பட்டனின் மேல்மாடியைக் கொடுத்தது.

வந்திருப்பது பிரிட்டிஷ் லேஅவுட்தானா என்று உறுதிசெய்ய ஒரு வெற்று நோட்பேடைத் திறந்து ஷிப்டோடு 3-ஐ அழுத்துங்கள். # வராமல் £ வந்தால் சந்தேகமே வேண்டாம். அடுத்து என்டருக்கு மேலே உள்ள பட்டன். அதில் \ என்று அச்சிட்டிருக்கும், ஆனால் # விழும். பிரிட்டிஷ் கீபோர்டில் \ குறிக்கு இடது ஷிப்டுக்கும் Z-க்கும் நடுவே தனியாக ஒரு பட்டன் உண்டு. நம் கீபோர்டில் அந்தப் பட்டனே கிடையாது. ஆகவே பிரிட்டிஷ் லேஅவுட் இருக்கும்வரை எந்தப் பட்டனை அழுத்தினாலும் \ வராது. ஃபோல்டர் பாதையை அடிக்க வேண்டியவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். வேறு லேஅவுட் வந்திருந்தால் அடையாளமும் வேறு. Y-யும் Z-உம் இடம் மாறினால் ஜெர்மன். மேற்கோள்குறியை அழுத்தியதும் ஒன்றும் வராமல், அடுத்த எழுத்தை அடித்தபின் á மாதிரி ஏதாவது வந்தால் அது US-International.

யாரும் மாற்றாமல் எப்படி மாறியது? விண்டோஸ் நிறுவும்போதோ பிறகோ, பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டல் வேண்டும், தேதி நாள்-மாதம்-ஆண்டு என்று வர வேண்டும் என்பதற்காகச் சிலர் English (United Kingdom) மொழியைச் சேர்க்கிறார்கள். அதோடு பிரிட்டிஷ் கீபோர்டும் பட்டியலில் ஏறிக்கொள்கிறது. ஏறியது பல நாள் சும்மா கிடக்கும். இடது ஆல்ட்டையும் ஷிப்டையும் சேர்த்து அழுத்தினால் பட்டியலில் அடுத்த மொழிக்குத் தாவும் வசதி விண்டோஸில் உண்டு. இரண்டும் அருகருகே இருப்பதால் கை தவறியும் அழுந்திவிடும்.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு இது இன்னும் எளிதாக நேரும், ஏனென்றால் அவர்கள் இதை வேண்டுமென்றே நாள் முழுக்க அழுத்துகிறார்கள். பட்டியலில் தமிழ், பிரிட்டிஷ் ஆங்கிலம், அமெரிக்க ஆங்கிலம் என்று வரிசை இருப்பதாக வைத்துக்கொள்வோம். தமிழில் ஒரு பத்தி அடித்துவிட்டு ஆல்ட்-ஷிப்ட் தட்டுகிறோம். ஆங்கிலம் வருகிறது. நிம்மதியாக அடித்துக்கொண்டே போகிறோம். வந்தது பிரிட்டிஷ் ஆங்கிலம் என்பது தெரிய வழியில்லை, ஏனென்றால் 26 எழுத்துகளும் இரண்டிலும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. அரைமணி கழித்து ஒரு @ தேவைப்படும்போதுதான் குட்டு வெளிப்படும். அதனால்தான் "திடீரென்று" மாறியதாகத் தோன்றுகிறது.

பாஸ்வேர்டில் இது பெரிய தொல்லை. திரையில் வெறும் புள்ளிகளே தெரிவதால், Vaigai@77 என்று அடித்தவர் உண்மையில் Vaigai"77 என்று அடித்திருப்பது கண்ணில் படாது. சரியான பாஸ்வேர்டுதானே என்று மறுபடி மறுபடி முயன்று, கடைசியில் கணக்கே பூட்டிக்கொள்ளும். பாஸ்வேர்டு தவறு என்று முதல்முறை வந்ததுமே, அதை அடிக்கும் இடத்தின் ஓரத்தில் இருக்கும் கண் படத்தை அழுத்திப் பாருங்கள்.

உடனடித் தீர்வு, விண்டோஸ் பட்டனைப் பிடித்தபடி ஸ்பேஸ் பாரைத் தட்டுவது. இருக்கும் லேஅவுட்கள் பெயரோடு வரிசையாகத் தெரியும். US என்று இருப்பதில் நிறுத்துங்கள். டாஸ்க்பாரின் வலது ஓரத்தில் ENG என்பதற்குக் கீழே UK, US என்று சிறிய எழுத்தில் காட்டும் இடத்தைச் சொடுக்கினாலும் இதே பட்டியல் வரும். நம்பர் பேட் உள்ள கீபோர்டென்றால், ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு அதில் 64 அடித்தால் எந்த லேஅவுட்டிலும் @ கிடைக்கும். 92 அடித்தால் \ கிடைக்கும்.

நிரந்தரமாகத் தீர, வேண்டாத லேஅவுட்டை நீக்கிவிட வேண்டும். Settings-இல் Time & language, அதற்குள் Language & region போய், அந்த மொழியின் Language options-இல் Keyboards என்ற பகுதியைப் பாருங்கள். மொழி பிரிட்டிஷ் ஆங்கிலமாகவே இருக்கட்டும். US கீபோர்டை முதலில் சேர்த்துவிட்டு United Kingdom கீபோர்டை நீக்கினால் போதும். சில சமயம் டாஸ்க்பாரில் UK தெரியும், இங்கே வந்து பார்த்தால் அது பட்டியலில் இருக்காது. அப்போது அதை ஒருமுறை சேர்த்துவிட்டு உடனே நீக்குங்கள், பெரும்பாலும் போய்விடும்.

அப்படியும் கம்ப்யூட்டரைத் திறக்கும் லாகின் திரையில் மட்டும் பழைய தொல்லை தொடரலாம். அந்தத் திரைக்கு விண்டோஸ் தனி அமைப்பு வைத்திருக்கிறது. Administrative language settings-இல் Copy settings என்ற பட்டனை அழுத்தி, Welcome screen என்பதில் டிக் செய்தால்தான் நம் மாற்றம் அங்கேயும் போகும்.

லண்டனில் இருக்கும் உறவினர் கொடுத்தனுப்பிய லேப்டாப் என்றால் இதெல்லாம் தலைகீழ். அதில் 3-க்கு மேல் £ அச்சிட்டிருக்கும், என்டர் பட்டன் இரண்டு வரிசைக்கு உயரமாக இருக்கும், இடது ஷிப்ட் குட்டையாக இருந்து பக்கத்தில் \ பட்டன் இருக்கும். அந்த லேப்டாப்பில் வைத்துக்கொள்ள வேண்டியது UK. நீக்க வேண்டியது US.