பாக்கெட்டைத் திருப்பினால் தெரியும் கணக்கு

கடைக்குப் போகிறவர்களுக்காக ஊட்டச்சத்து லேபிள் பற்றி வீடியோ எடுப்பதென்றால், கேமரா பாக்கெட்டின் முன்பக்கத்தில் நிற்கவே வேண்டாம். கோதுமைக் கதிர் படமும் 'நார்ச்சத்து நிறைந்தது' என்ற பெரிய எழுத்தும் விற்பதற்காக அச்சிட்டவை. பாக்கெட்டைத் திருப்பி, பின்னால் பொடி எழுத்தில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்ட வேண்டும்.

இரண்டு பிஸ்கட் பாக்கெட்டுகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று 'டைஜஸ்டிவ்', மற்றது மேரி. முதலில் சேர்பொருள் பட்டியல். எடையில் எது அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது சட்டம். டைஜஸ்டிவ் பாக்கெட்டிலும் பல சமயம் மைதாதான் முதலில் நிற்கிறது. முழுக்கோதுமை மாவு அதற்குப் பின்னால்தான் வருகிறது. 'சுத்திகரித்த கோதுமை மாவு' என்று போட்டிருந்தால் அதுவும் மைதாவே. பக்கத்திலேயே சதவீதமும் இருந்தால், முன்பக்கக் கதிருக்கு உள்ளே எவ்வளவு இடம் என்று தெரிந்துவிடும்.

அடுத்தது அட்டவணை. பெரும்பாலோர் சறுக்கும் இடம் இதுதான், கேமரா இங்கே நிதானமாக நிற்கட்டும். 'ஒரு பரிமாறலுக்கு' என்ற அளவைத் தீர்மானிப்பது தயாரிக்கும் நிறுவனம். நம் டைஜஸ்டிவ் பாக்கெட்டில் அது 15 கிராம், அதாவது இரண்டு பிஸ்கட். மேரியில் 30 கிராம். அந்தக் கணக்கில் நிறைவுற்ற கொழுப்பு டைஜஸ்டிவில் 1.35 கிராம், மேரியில் 1.5 கிராம். டைஜஸ்டிவ்தான் தேவலை என்று தோன்றும்.

இப்போது '100 கிராமுக்கு' என்ற பத்திக்கு வாருங்கள். டைஜஸ்டிவில் 9 கிராம், மேரியில் 5 கிராம். கணக்கு அப்படியே தலைகீழ். டீயோடு நான்கு டைஜஸ்டிவ் சாப்பிடுகிறவருக்கு 2.7 கிராம் நிறைவுற்ற கொழுப்பு சேர்கிறது. நம் லேபிள் விதிகள் ஒரு நாளுக்கு அடிப்படையாக வைக்கும் அளவு 22 கிராம். அதில் எட்டில் ஒரு பங்கு அந்த நான்கு பிஸ்கட்டிலேயே போய்விடுகிறது. அதே 30 கிராம் மேரியில் 1.5 கிராம்தான்.

அதற்காக மேரி ஜெயித்துவிட்டது என்று சொல்லிவிட முடியாது. 'சேர்க்கப்பட்ட சர்க்கரை' என்ற வரியில் மேரி 100 கிராமுக்கு 21, டைஜஸ்டிவ் 15. எந்த வரியை முதலில் பார்ப்பது என்பது வாங்குகிறவரின் உடம்பைப் பொறுத்தது. கொலஸ்ட்ரால் இருப்பவர் நிறைவுற்ற கொழுப்பையும், ரத்தக்கொதிப்பு உள்ளவர் சோடியத்தையும் பார்க்க வேண்டும். 400 மில்லிகிராம் சோடியம் என்றால் ஏறத்தாழ ஒரு கிராம் உப்பு.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குச் சர்க்கரை வரி மட்டும் போதாது. மைதாவும் வயிற்றுக்குள் போய்க் குளுக்கோஸாகத்தான் மாறுகிறது. 'சர்க்கரை சேர்க்காதது' என்று எழுதிய பிஸ்கட்டிலும் மொத்த மாவுச்சத்து 100 கிராமுக்கு 65, 70 என்று நிற்கலாம். அவர்கள் விரல் வைத்துப் படிக்க வேண்டியது அந்த வரியை.