வார்ப்பு முடியட்டும், அப்புறம் லீவு

சுவாமிமலையில் ஐம்பொன் சிலை வார்க்கும் பட்டறையில் தொழில் பழகும் பையனுக்கு நாலு நாள் ஊருக்குப் போக வேண்டியிருக்கிறது. வேண்டாம் என்று சொல்கிற ஸ்தபதிகள் குறைவு. ஆனால் கேட்டவுடன் அவர் மனதில் ஓடுவது காலண்டர் இல்லை. எந்தச் சிலை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதுதான். அதை யோசித்துவிட்டு வந்து கேட்கிற பையனிடம் பேச்சு இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும்.

ஏன் என்று புரிய, வேலை நடக்கும் விதம் கொஞ்சம் தெரிய வேண்டும். தேன்மெழுகும் குங்கிலியமும் கடலை எண்ணெயும் கலந்து உருக்கி, முதலில் மெழுகிலேயே முழுச் சிலையையும் செய்கிறார்கள். அதன்மேல் காவிரிக் கரை வண்டல் மண்ணை மெல்லிய பூச்சாகப் பூசி நிழலில் காயவைக்கிறார்கள். பிறகு அதைவிடக் கெட்டியான மண்ணால் அடுத்தடுத்த பூச்சு. காய்வதற்கு நாள் கணக்கில் ஆகும், அவசரப்பட முடியாது. வெயிலில் வைத்து வேகமாகக் காயவைத்தால் மண் வெடிக்கும். அந்த வெடிப்புக்குள் உலோகம் ஓடினால், சாமியின் கன்னத்தில் மெல்லிய தகடு முளைத்ததுபோல் நிற்கும். அதை உளியால் எடுத்துச் சரிசெய்கிறவருக்குத்தான் அந்த வலி தெரியும்.

அச்சு காய்ந்ததும் வரட்டித் தீயில் சூடாக்குவார்கள். மெழுகு உருகி வெளியே ஓடிவிடும், உள்ளே வெற்றிடம் நிற்கும். அந்த இடத்துக்கு, மெழுகின் எடையைப்போல ஏறக்குறைய எட்டு, ஒன்பது மடங்கு உலோகம் வேண்டும். உருகிய உலோகத்தை மூசையோடு தூக்கி, குழியில் புதைத்து நிறுத்திய சூடான அச்சுக்குள் ஊற்ற வேண்டும். பெரிய சிலை என்றால் கொறடு பிடிக்க ஆள், நெருப்பைப் பார்க்க ஆள், மூசையின் வாயில் மிதக்கும் கசடை ஒதுக்க ஆள் என்று பலர் வேண்டும். ஊற்றுவது நடுவில் நின்றால், முதலில் போனது இறுகி, அடுத்து வருவதோடு ஒட்டாது. அச்சு ஆறியிருந்தால் உலோகம் விரல் நுனி வரை போகாமல் நடுவழியிலேயே உறையும். அப்புறம் பல வார வேலையை உடைத்துவிட்டு மெழுகிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

அதனால் வார்ப்பு நாளில் ஒரு ஆள் குறைவது பட்டறைக்குப் பெரிய விஷயம். மண் காய்கிற நாட்களில் அதே ஆள் குறைந்தால் சமாளித்துக்கொள்ளலாம். பல பட்டறைகளில் அமாவாசையன்று உளியையே தொடுவதில்லை. அதை ஒட்டி லீவு கேட்பதும் வழக்கம்தான்.

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். பையனின் அக்கா குழந்தைக்கு அறந்தாங்கிப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து. தாய்மாமன் மடியில்தான் குழந்தையை உட்கார வைக்க வேண்டும், ஆகவே இவன் இல்லாமல் நடக்காது. பட்டறையில் ஒரு அம்மன் சிலைக்கு வெள்ளிக்கிழமை வார்ப்பு. இவன் கையில் இருக்கும் சின்னப் பிள்ளையாருக்கு இரண்டாம் பூச்சு பூசியாகிவிட்டது. திங்கட்கிழமை சாயங்காலம், ஸ்தபதி உளியைக் கீழே வைத்துக் கைகழுவி வந்த பிறகு, இப்படிக் கேட்கலாம்:

"ஐயா, ஒரு விஷயம் கேக்கணும். அக்கா பையனுக்கு ஞாயித்துக்கிழமை காது குத்துறாங்க, மாமன் மடி வேணும்கறாங்க. வெள்ளிக்கிழமை வார்ப்ப முடிச்சுட்டு ராத்திரி பஸ்ஸுக்குக் கெளம்பி, செவ்வாக்கெழம காலையில வந்துடறேன். பிள்ளையாருக்கு ரெண்டாம் பூச்சு காயணும், மூணாம் பூச்சு நான் வந்துதான் போடணும். வெடிப்பு விட்டா மண்ணு பூசச் சொல்லி அண்ணன்கிட்ட சொல்லிட்டேன். நீங்க சரின்னா போய்ட்டு வரேன்யா."

இதில் கெஞ்சல் இல்லை, கட்டளையும் இல்லை. "டிக்கெட் போட்டுட்டேன்" என்று தொடங்கியிருந்தால் முடிவை இவனே எடுத்துவிட்டு வந்து தகவல் சொன்னதாகும். மூத்தவரிடம் அது எடுபடாது. வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்புவதும் அப்படித்தான். சிலையின் முகத்தில் வேலை செய்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் போய் நிற்பதோ, அதைவிட மோசம். அந்த நேரத்தில் என்ன கேட்டாலும் "அப்புறம் பார்க்கலாம்" என்றுதான் பதில் வரும்.

பெரும்பாலும் ஸ்தபதி திருப்பிக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "மண்ணு கொழச்சு வெச்சுட்டுப் போறியா?" மூன்றாம் பூச்சுக்கான மண்ணைச் சலித்து, தண்ணீர் விட்டுப் பிசைந்து, ஈரச் சாக்கு போட்டு மூடிவிட்டுப் போனால் வந்த அன்றே வேலை தொடங்கும். முன்பணம் வேண்டுமென்றால் அதை இந்தப் பேச்சோடு சேர்க்காமல், மறுநாள் தனியாகக் கேட்பது நல்லது. காதுகுத்துச் சீர் செய்ய மாமனுக்குப் பணம் வேண்டும் என்பது அவருக்கும் தெரியும். பல நேரம் அவரே முந்திக்கொண்டு எடுத்து நீட்டிவிடுவார்.