பத்து கோல் போட்டாலும் பயனில்லாத ஆட்டம்

2006-07 ஸ்பெயின் லீக் முடிந்தபோது ரியால் மாட்ரிட்டும் பார்சிலோனாவும் ஆளுக்கு 76 புள்ளிகளோடு நின்றன. பார்சிலோனா 78 கோல் போட்டு 33 வாங்கியிருந்தது. மாட்ரிட் போட்டது 66, வாங்கியது 40. போட்டதிலிருந்து வாங்கியதைக் கழித்தால் வருவதுதான் கோல் வித்தியாசம்: பார்சிலோனாவுக்கு 45, மாட்ரிட்டுக்கு வெறும் 26. ஆனாலும் கோப்பை மாட்ரிட்டுக்குத்தான் போனது.

காரணம், ஸ்பெயினில் இரண்டு அணிகள் சமமானால் முதலில் பார்ப்பது அவை தமக்குள் மோதிய ஆட்டங்களை. அந்த ஆண்டு மாட்ரிட் தன் மைதானத்தில் 2-0 என்று வென்றது. பார்சிலோனாவில் 3-3 டிரா. அதோடு கணக்கு முடிந்தது. இங்கிலாந்தில் வழக்கம் வேறு. 2011-12இல் மான்செஸ்டர் சிட்டியும் யுனைடெடும் 89 புள்ளிகளில் சமமானபோது, 64க்கு 56 என்ற கோல் வித்தியாசத்தில் சிட்டி பட்டம் வாங்கியது.

எது நியாயம் என்று ரசிகர்கள் ஓயாமல் சண்டை போடுவார்கள். அதைவிடக் கவனிக்கவேண்டிய சங்கதி ஒன்று இருக்கிறது: எந்த விதி என்பதைப் பொறுத்து, சில ஆட்டங்களில் விழும் கோல்களுக்கு மதிப்பே இல்லாமல் போய்விடும். 2004 ஐரோப்பியக் கோப்பையில் இத்தாலி மாட்டிக்கொண்டது இதில்தான்.

இத்தாலி, ஸ்வீடன், டென்மார்க், பல்கேரியா நான்கும் ஒரே பிரிவு. முதல் இருவருக்குத்தான் அடுத்த சுற்று. தலா இரண்டு ஆட்டம் முடிந்தபோது ஸ்வீடனுக்கும் டென்மார்க்குக்கும் 4 புள்ளி, இத்தாலிக்கு 2, பல்கேரியாவுக்குப் பூஜ்யம். கடைசி நாளில் இத்தாலி பல்கேரியாவை வென்று, மற்ற இருவரும் டிரா செய்தால் மூன்று அணிகளும் 5 புள்ளியில் நிற்கும்.

ஸ்பெயினைப் போலவே இங்கும் முதலில் பார்த்தது தமக்குள் மோதிய ஆட்டங்களைத்தான் என்பதால், அப்படி நின்றால் அந்த மூன்றுக்கும் மட்டும் தனியாக ஒரு குட்டிப் பட்டியல் போடவேண்டும். பல்கேரியாவோடு ஆடியதையெல்லாம் அடித்துவிட வேண்டும். மிஞ்சுவது மூன்றே ஆட்டங்கள்: இத்தாலி-டென்மார்க் 0-0, இத்தாலி-ஸ்வீடன் 1-1, இனி நடக்கவிருக்கும் ஸ்வீடன்-டென்மார்க் டிரா. எல்லாமே டிரா என்பதால் இந்தப் பட்டியலில் புள்ளியும் சமம், வித்தியாசமும் பூஜ்யம். அடுத்துப் பார்ப்பது போட்ட கோல்களை. அதில் இத்தாலியின் கணக்கு ஒன்று. அது இனி ஏறாது, ஏனென்றால் அந்த அணிகளோடு அதன் ஆட்டங்கள் முடிந்துவிட்டன.

இப்போது டிராவை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். 0-0 என்றால் டென்மார்க்குக்குக் கோலே இல்லை, அது வெளியே. 1-1 என்றால் ஸ்வீடனுக்கு 2 கோல், அது தப்பிவிடும். டென்மார்க்கும் இத்தாலியும் ஆளுக்கு ஒன்று என்று நிற்க, அப்போதுதான் பல்கேரியாவோடு ஆடிய ஆட்டமும் சேர்ந்த மொத்த வித்தியாசம் கணக்கில் வரும். 2-2 என்றால் ஸ்வீடனுக்கு 3, டென்மார்க்குக்கு 2, இத்தாலிக்கு அதே ஒன்று. பல்கேரியாவுக்கு எதிராக இத்தாலி பத்து கோல் போட்டாலும் வெளியேதான்.

ஆட்டத்துக்கு முன்பே இத்தாலியப் பத்திரிகைகள் 2-2 என்று எழுதி, இரண்டு பக்கத்து நாடுகளும் பேசிவைத்துக்கொள்ளும் என்று சந்தேகப்பட்டன. ஜூன் 22 அன்று 89ஆவது நிமிடத்தில் ஸ்வீடனின் மத்தியாஸ் யோன்சன் கோல் போட, முடிவு சொல்லிவைத்ததுபோல் 2-2. அதே நேரத்தில் இத்தாலி 2-1 என்று வென்றும் ஊருக்குக் கிளம்பியது. சதி நடந்ததாக யாரும் நிரூபிக்கவில்லை.

மொத்தக் கோல் வித்தியாசமே முதல் விதியாக இருந்திருந்தால்? டென்மார்க்கின் வித்தியாசம் 2. பல்கேரியாவை மூன்று கோல் வித்தியாசத்தில் வென்றிருந்தால் இத்தாலி அதைத் தாண்டியிருக்கும். ஒரு கோலில் மட்டுமே வென்றதால் அந்த விதியிலும் அது தேறியிருக்காது என்பது உண்மை. ஆனால் தலையெழுத்து அதன் கையிலேயே இருந்திருக்கும். என் ஓட்டு கோல் வித்தியாசத்துக்கு விழுவது இதனால்தான். அதிலும் குறை இல்லாமல் இல்லை. ஏற்கெனவே நம்பிக்கை இழந்த அணியைக் கடைசியாகச் சந்திப்பவருக்குக் கோல் மழை கிடைத்துவிடும்.

இந்த விதிகள் எல்லாமே தீர்ந்துபோன ஒரு நாளும் உண்டு. 2018 உலகக் கோப்பையில் ஜப்பானும் செனகலும் புள்ளி 4, போட்ட கோல் 4, வாங்கியது 4, தமக்குள் ஆடியது 2-2 என்று அச்சு அசலாக நின்றன. அதற்கும் கீழே இருந்த விதி மஞ்சள் அட்டை: ஜப்பான் வாங்கியது 4, செனகல் 6. இதற்கும் கீழே இருந்தது குலுக்கல் மட்டுமே.

பிரிவின் கடைசி ஆட்டத்தில் போலந்திடம் 0-1 என்று தோற்றுக்கொண்டிருந்த ஜப்பானுக்கு, கொலம்பியாவிடம் செனகலும் ஒரு கோல் பின்தங்கிவிட்ட செய்தி கிடைத்தது. பயிற்சியாளர் அகிரா நிஷினோ சமன் செய்ய முயலவேண்டாம் என்று முடிவெடுத்தார். முன்னேறினால் இன்னொரு கோல் வாங்கலாம், தடுமாறினால் மஞ்சள் அட்டை வாங்கலாம். கடைசிப் பத்து நிமிடம் அவரது அணி தன் பாதி மைதானத்திலேயே பந்தைத் தட்டிக்கொண்டிருக்க, அரங்கம் கூச்சலிட்டது. வேறொரு நகரத்தில் செனகல் ஒரே ஒரு கோல் போட்டிருந்தால் ஜப்பான் வெளியேறியிருக்கும். செனகல் போடவில்லை.